தவறினால்... யார் தவறினால்?

ஒப்பந்தங்களைத் தமிழில் எழுதுவதும் மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதும் என் அன்றாட வேலை. கடினமான சட்டச் சொற்கள் இதில் பெரிய தொல்லை தருவதில்லை. அவை கண்ணில் படும், புரியாவிட்டால் யாராவது கேட்டுவிடுவார்கள். நான் பயப்படுவது ‘அது’, ‘அவர்கள்’, ‘தன்’ மாதிரியான சின்னச் சொற்களுக்குத்தான். படிக்கும்போது எல்லாருக்கும் புரிந்ததாகவே தோன்றும். ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது தகராறு வந்த பிறகுதான் வெளியே வரும்.

இரண்டு தரப்பு இருக்கும் எந்தப் பத்தியிலும் இந்த ஆபத்து உண்டு. ‘அவர்’ என்று எழுதிய உடனே அந்தச் சொல்லுக்கு உரிமை கொண்டாட இரண்டு பேர் நிற்கிறார்கள். கதையில் ‘அவன்’, ‘அவள்’ என்று பிரித்துக் காட்டித் தப்பிக்கலாம். ஒப்பந்தத்தில் விற்பவரும் ‘அவர்’, வாங்குபவரும் ‘அவர்’. இருவருமே நிறுவனங்கள் என்றால் இருவரும் ‘அது’. அந்த ‘அது’வுக்குச் சரக்கு, தொகை, ஒப்பந்தம் எல்லாமே கூடப் போட்டிக்கு வரும். மரியாதைக்காக நிறுவனத்தை ‘அவர்கள்’ என்று எழுதும் பழக்கம் வேறு இருக்கிறது. அப்படி எழுதினால் அது ஒரு தரப்பா, இரண்டு தரப்பும் சேர்ந்தா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று நம் வினைச்சொற்களில் இருக்கிறது. தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது இயல்பு. ‘நேற்று வந்தாள், பணம் கொடுத்தாள்’ என்றால் போதும். யார் என்பதை விகுதி பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒப்பந்தத்தில் ‘வந்தாள்’, ‘கொடுத்தார்’ எல்லாம் எத்தனை இடத்தில் வருகின்றன? அங்கே வருபவை ‘கொடுக்க வேண்டும்’, ‘கொடுக்கலாம்’, ‘கொடுக்கக் கூடாது’, ‘கொடுத்தால்’, ‘கொடுக்கத் தவறினால்’ ஆகியவை. இவற்றில் எதற்கும் ஆளைக் காட்டும் விகுதி கிடையாது. நான் கொடுக்க வேண்டும், நீ கொடுக்க வேண்டும், அவர்கள் கொடுக்க வேண்டும்: மூன்றுக்கும் ஒரே வடிவம்தான். கடமை, உரிமை, தடை, நிபந்தனை என்று ஒப்பந்தத்தின் உயிரான நான்கையும் சொல்ல நாம் பயன்படுத்தும் வினை வடிவங்கள், ‘யார்’ என்பதைச் சொல்லாத வடிவங்களாகவே அமைந்திருக்கின்றன. பேச்சில் எழுவாயை விட்டுப் பழகிய கை ஒப்பந்தத்திலும் விட்டுவிடுகிறது. ஆனால் பேச்சில் காப்பாற்றிய விகுதி இங்கே உதவிக்கு வருவதில்லை.

அதனால் தமிழ் ஒப்பந்தத்தில் தெளிவில்லாத ‘அவர்’ பாதிப் பிரச்சினைதான். மீதிப் பாதி, எழுதப்படாமலே போன ‘அவர்’.

ஒரு பத்தியை முழுதாக எடுத்துப் பார்ப்போம். இது நான் உதாரணத்துக்காக எழுதியது, ஆனால் இதே வார்ப்பில் எத்தனையோ பத்திகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு ஓராண்டுக்கு மாதம் ஒரு லோடு என்று இயந்திர உதிரி பாகங்களை விற்கிறது. குறையுள்ள சரக்கைப் பற்றிய பத்தி இப்படி இருக்கிறது:

“விற்பவர் அனுப்பிய சரக்கை வாங்குபவர் பெற்றுக்கொண்ட பிறகு அதில் குறை இருப்பது தெரிந்தால் 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தவறினால் அதற்கான செலவை அவர்களே ஏற்க வேண்டும். அவர்கள் விரும்பினால் அதை ரத்து செய்யலாம்.”

முதல் வாசிப்பில் இதில் ஒரு குறையும் தெரியாது. சரளமாக ஓடுகிறது, நல்ல தமிழாகவும் இருக்கிறது. இப்போது மெதுவாகப் படிப்போம்.

‘குறை இருப்பது தெரிந்தால்’ என்கிறது. யாருக்குத் தெரிந்தால்? பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் வாங்குபவருக்கு என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் விற்பவருக்கும் தெரிய வரலாம். அதே தொகுதியில் மிச்சம் இருந்த பாகங்களைத் தன் ஆலையில் சோதிக்கும்போது வார்ப்பில் வெடிப்பு இருப்பதை விற்பவர் கண்டுபிடிக்கலாம். அப்போது வாங்குபவரை எச்சரிக்கும் கடமை விற்பவருக்கு உண்டா? பத்தி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது, ஏனென்றால் ‘தெரிவிக்க வேண்டும்’ என்பதற்கும் எழுவாய் இல்லை.

அடுத்தது ‘தவறினால்’. முதல் வாக்கியத்தை வாங்குபவரின் கடமையாக எடுத்துக்கொண்டால் தவறியவர் வாங்குபவர், செலவும் அவர் தலையில். விற்பவரின் கடமை என்று எடுத்துக்கொண்டால் செலவு விற்பவருடையது. மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. வாங்குபவர் சரியாகத் தெரிவித்துவிட்டார், அதன் பிறகு குறையைச் சரிசெய்ய விற்பவர் தவறினால் விற்பவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்றும் ஒருவர் வாதாடலாம். கொஞ்சம் இழுத்துப் பிடித்த வாதம்தான். ஆனால் பணம் போகிறது என்றால் மனிதர்கள் இழுத்துத்தான் பிடிப்பார்கள்.

‘அதற்கான செலவு’ என்பதில் வரும் ‘அது’ எது? குறையா, திருப்பி அனுப்புவதா, புதிய பாகம் தருவதா? இந்த மூன்றின் தொகையும் ஒன்றாக இருக்காது. கடைசி வாக்கியத்தில் இருக்கும் ‘அதை’ இன்னும் மோசம். ரத்து செய்யப்படுவது அந்த மாதத்து ஆர்டரா, ஓராண்டு ஒப்பந்தமா? ரத்து செய்யும் உரிமை உள்ள ‘அவர்கள்’ யார்? முந்தைய வாக்கியத்தில் செலவை ஏற்ற அதே ‘அவர்கள்’ என்று இலக்கணம் சொல்கிறது. நியாயத்தைப் பார்த்தால், தவறு செய்து செலவை ஏற்பவருக்கே ரத்து செய்யும் உரிமையையும் கொடுப்பார்களா என்று தோன்றுகிறது. அப்படியானால் அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்களில் வரும் இரண்டு ‘அவர்கள்’ இரண்டு வேறு தரப்பைக் குறிக்க வேண்டும்.

இனி ஒரு நிகழ்வை இதற்குள் போட்டுப் பார்க்கலாம். மூன்றாவது மாத லோடில் வெடிப்புள்ள பாகங்கள் வந்திருக்கின்றன. பெற்ற ஐந்தாம் நாள் வாங்குபவர் தொலைபேசியில் சொல்கிறார், கடிதம் ஒன்பதாம் நாள்தான் போகிறது. விற்பவர் சொல்வார்: “எழுத்து மூலம் 7 நாளுக்குள் வரவில்லை. தவறியது நீங்கள். மாற்றும் செலவு உங்களுடையது. எங்களுக்கு விருப்பம் இருந்தால் ஒப்பந்தத்தையே முடித்துக்கொள்வோம்.” வாங்குபவர் சொல்வார்: “உங்கள் சோதனையில் போன வாரமே தெரிந்திருக்கிறது. தெரிவிக்காமல் விட்டது நீங்கள். செலவு உங்களுடையது, ரத்து செய்யும் உரிமை எங்களுடையது.” இருவரும் ஒரே பத்தியைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. மீதமுள்ள ஒன்பது மாத வியாபாரம் ஒரு ‘அதை’யில் தொங்குகிறது.

சரி, திருத்துவோம். ‘அவர்கள்’ இருக்கும் இடத்தில் ஒரு பெயரைப் போட்டால் முடிந்தது என்று நினைக்கலாம். உண்மையில் அங்கேதான் வேலையே ஆரம்பிக்கிறது. எந்தப் பெயரைப் போடுவது என்பது மொழிக் கேள்வி இல்லை, என்ன பேசி முடித்தார்கள் என்ற கேள்வி. திருத்துபவர் தனக்கு நியாயமாகத் தோன்றும் பெயரைப் போட்டுவிட்டுப் போனால், பேச்சுவார்த்தையில் இல்லாத ஒரு முடிவை அவரே எடுத்துவிட்டதாக ஆகும். ஆகவே நான் பெயரைப் போடுவதற்கு முன் இரு தரப்பிடமும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்பேன். “இது தெளிவாக இருக்கிறதா?” என்று மட்டும் கேட்க மாட்டேன், அதற்கு எப்போதும் ‘இருக்கிறது’ என்றே பதில் வரும். “எட்டாம் நாள் கடிதம் வந்தால் யார் பணம் கட்டுவார்கள்?” என்று கேட்பேன். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னால் அந்தப் பெயரை எழுதலாம். வேறு வேறு பதில் வந்தால், கையெழுத்துக்கு முன்னாலேயே தகராறு பிடிபட்டுவிட்டது.

நம் உதாரணத்தில் பதில்கள் இப்படி வந்தன என்று வைத்துக்கொள்வோம்: குறையைத் தெரிவிக்கும் கடமை வாங்குபவருக்கு, காலம் தாழ்ந்தால் மாற்றும் செலவும் அவருக்கே, நேரத்துக்குத் தெரிவித்தால் அந்தச் செலவு விற்பவருக்கு, ரத்து செய்யும் உரிமை வாங்குபவருக்கு, அதுவும் அந்த மாதத்து ஆர்டரை மட்டும். அப்போது பத்தி இப்படி மாறும்:

“ஒரு மாதச் சரக்கில் குறை இருப்பதை வாங்குபவர் கண்டால், அந்த மாதச் சரக்கைப் பெற்ற நாளிலிருந்து 7 நாட்களுக்குள் வாங்குபவர் அந்தக் குறையை விற்பவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்த 7 நாட்களுக்குள் வாங்குபவர் தெரிவிக்கத் தவறினால், குறையுள்ள பாகங்களை மாற்றும் செலவை வாங்குபவர் ஏற்க வேண்டும். அந்த 7 நாட்களுக்குள் வாங்குபவர் தெரிவித்தால், குறையுள்ள பாகங்களை மாற்றும் செலவை விற்பவர் ஏற்க வேண்டும். மேலும், வாங்குபவர் விரும்பினால் அந்த மாதச் சரக்குக்கான ஆர்டரை ரத்து செய்யலாம். இந்தப் பத்தியின் கீழ் எந்தத் தரப்பும் இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது.”

பழையதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான நீளம். ‘வாங்குபவர்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. பள்ளியில் கட்டுரை எழுதும்போது இப்படி வந்தால் ஆசிரியர் சிவப்பு மையில் கோடு போடுவார். ஒப்பந்தத்தில் அந்தத் திரும்பல்தான் வேலை செய்கிறது, அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். வாங்குபவர் நேரத்துக்குத் தெரிவித்துவிட்டால் என்ன ஆகும் என்பது பழைய பத்தியில் எங்குமே வெளிப்படையாக இல்லை. ‘தவறினால்’ என்பதற்கு எழுவாய் போட்ட பிறகுதான், ‘தவறாவிட்டால்?’ என்ற கேள்விக்கே இடம் பிறந்தது. பெயர் தெரியாத ‘அவர்கள்’ இருந்தவரை அந்தப் பள்ளம் மூடியே இருந்தது, ஏனென்றால் ஒவ்வொருவரும் தங்களுக்குச் சாதகமான வாசிப்பால் அதை நிரப்பிக்கொண்டார்கள். என் அனுபவத்தில் சுட்டுப்பெயரை எடுத்துவிட்டுப் பெயர் வைக்கும் வேலையில் கிடைக்கும் பெரிய ஆதாயமே இதுதான்: எழுதாமல் விட்ட விதிகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். ‘அந்த மாதச் சரக்கைப் பெற்ற நாளிலிருந்து’ என்ற இடத்தில் எழுவாயை நான் மறுபடி போடவில்லை. சரக்கைப் பெறுபவர் வாங்குபவர் மட்டும்தான், வேறு யாரும் அந்த இடத்துக்கு வர முடியாது. இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. வாக்கியத்தில் இரண்டு தரப்பையும் மனதுக்குள் இடம் மாற்றிப் போட்டுப் படியுங்கள். அபத்தமாக ஆகிவிட்டால், விடுபட்ட எழுவாயோ ‘அவர்’ என்ற சொல்லோ பெரும்பாலும் தீங்கு செய்யாது. மாற்றிப் போட்டும் அர்த்தம் வந்தால் பெயர் கட்டாயம் வேண்டும். ‘விலையைக் கட்டத் தவறினால்’ என்பதில் விற்பவரை யாரும் நினைக்க மாட்டார்கள். ‘தெரிவிக்கத் தவறினால்’, ‘ஒத்துழைக்க மறுத்தால்’, ‘இழப்பு ஏற்பட்டால்’ போன்றவற்றில் இருவருமே பொருந்துவார்கள்.

பெயர் வைக்கும்போது இரண்டு இடங்களில் கால் வழுக்கும். ஒன்று, பெயர்கள் ஒன்றைப் போல ஒன்று இருப்பது. ‘வழங்குநர்’, ‘வாங்குநர்’ என்று வைத்தால் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்று தட்டச்சாகிவிடும், திருத்துபவருக்கும் தெரியாது. ‘முதல் தரப்பு’, ‘இரண்டாம் தரப்பு’ என்பதும் எனக்குப் பிடிப்பதில்லை. பத்தாம் பக்கத்தில் யார் முதல், யார் இரண்டாம் என்று முதல் பக்கத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும். மற்றொன்று, திரும்பச் சொல்லக் கூச்சப்பட்டு ‘வாங்குபவர்’ என்பதை அடுத்த வரியில் ‘வாடிக்கையாளர்’ என்றும், அதற்கடுத்த வரியில் ‘நிறுவனத்தார்’ என்றும் மாற்றுவது. புதிய பெயரைப் பார்த்ததும் ‘இது மூன்றாவது ஆளா?’ என்று படிப்பவர் யோசிப்பார், அவர் அப்படி யோசிப்பதில் நியாயமும் இருக்கிறது.

‘தன்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தெளிவானது என்று பலர் நம்புகிறார்கள். ‘விற்பவர் தன் செலவில் சரக்கை அனுப்ப வேண்டும்’ என்பதில் சிக்கல் இல்லை, ‘தன்’ எழுவாயைச் சுட்டுகிறது. ஆனால் ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் உட்கார்ந்தால் நிலைமை வேறு. ‘வாங்குபவர் தன் கிடங்கில் சரக்கை இறக்க வேண்டும் என்று விற்பவர் கோரினால்’ என்று எழுதிப் பாருங்கள். யாருடைய கிடங்கு? உள் வாக்கியத்தின் எழுவாயான வாங்குபவரின் கிடங்காகவும் இருக்கலாம், கோரிக்கை வைக்கும் விற்பவரின் கிடங்காகவும் இருக்கலாம். இரண்டு வாசிப்பும் நல்ல தமிழ்தான். ‘என்று கோரினால்’, ‘என்று அறிவித்தால்’, ‘என்று ஒப்புக்கொண்டால்’ ஆகிய தொடர்களுக்குள் ‘தன்’ வரும்போதெல்லாம் நான் அதை எடுத்துவிட்டு ‘விற்பவரின் கிடங்கு’ என்றோ ‘வாங்குபவரின் கிடங்கு’ என்றோ போட்டுவிடுவேன்.

‘அவர்கள்’ இரு தரப்பையும் சேர்த்துச் சொல்லும் இடத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ‘அவர்கள் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து இந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்.’ இருவரும் சம்மதித்தால்தான் முடிக்கலாமா, ஒருவர் நினைத்தாலே போதுமா? இருவரும் சேர்ந்து முடிப்பதென்றால் யார் யாருக்கு முன்னறிவிப்புக் கொடுப்பது? ‘இரு தரப்பினரும்’ என்று மாற்றினாலும் இந்தக் குழப்பம் தீராது. ‘தரப்பினரில் எவரேனும் ஒருவர் மறுதரப்புக்கு 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து’ என்றோ, ‘இரு தரப்பினரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திட்டு’ என்றோ உடைத்துச் சொன்னால்தான் தீரும்.

கடமை இரு பக்கமும் போகும் பத்திகளில் ‘விற்பவர்’, ‘வாங்குபவர்’ என்ற பெயர்களே உதவாமல் போகும். ரகசியத் தகவல் பற்றிய பத்தி இதற்கு நல்ல உதாரணம். இன்று விற்பவர் தன் வரைபடத்தைத் தருவார், நாளை வாங்குபவர் தன் விலைப்பட்டியலைத் தருவார். ‘ஒரு தரப்பு மறுதரப்பின் தகவலை அதன் ஊழியர்களுக்கு மட்டும் காட்டலாம்’ என்றால் ‘அதன்’ யாருடைய ஊழியர்கள்? இங்கே அந்தந்த வேளையில் செய்யும் செயலை வைத்துப் பெயர் சூட்ட வேண்டும்: ‘தகவல் தருபவர்’, ‘தகவல் பெறுபவர்’. ‘தகவல் பெறுபவர், தகவல் பெறுபவரின் ஊழியர்களுக்கு மட்டும் அந்தத் தகவலைக் காட்டலாம்’ என்று எழுதினால் யார் எந்தப் பக்கம் நின்றாலும் விதி மாறாது. ஒப்பந்தத்தை மீறுவது பற்றிய பத்தியிலும் இதே வழிதான்: ‘மீறிய தரப்பு’, ‘மீறாத தரப்பு’.

பெயர்ச்சொல் போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 1864-இல் இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு வந்த ராஃபிள்ஸ் எதிர் விச்செல்ஹாஸ் வழக்கு ஒப்பந்தச் சட்டம் படிக்கும் பலரும் கேட்டிருக்கக்கூடியது. பம்பாயிலிருந்து ‘பியர்லெஸ்’ என்ற கப்பலில் வரும் 125 பொதி சூரத் பருத்தியை வாங்குவதாக ஒப்பந்தம். பெயர் தெளிவாகத்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதே பெயரில் இரண்டு கப்பல்கள் இருந்தன; ஒன்று அக்டோபரில் கிளம்பியது, மற்றது டிசம்பரில். வாங்கியவர் மனதில் இருந்தது அக்டோபர் கப்பல், விற்றவர் அனுப்பியது டிசம்பர் கப்பலில். வாங்கியவர் சரக்கை ஏற்க மறுத்தார், தீர்ப்பும் அவர் பக்கமே வந்தது. நம் பத்தியில் ‘சரக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதுவும் இந்தக் கப்பல் கதைதான். ஓராண்டில் பன்னிரண்டு சரக்குகள் வருகின்றன. ‘ஒரு மாதச் சரக்கு’, ‘அந்த மாதச் சரக்கு’ என்று கட்டிப்போட்டது அதனால்தான். பெயர்ச்சொல்லும் ஒரே பொருளைத்தான் சுட்டுகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசியாகத் தேடும் வேலை. கணினியில் ‘அது’ என்று தேடினால் பாதிகூடக் கிடைக்காது. வேற்றுமை உருபு சேர்ந்து ‘அதை’, ‘அதன்’, ‘அதற்கு’, ‘அதில்’ என்று முகம் மாறிக் கிடக்கும். ‘அவர்’ என்று தேடினால் ‘அவர்கள்’ சேர்ந்து வரும், அது பரவாயில்லை. ஆனால் ‘அவரை’, ‘அவருக்கு’ வராது, அவற்றைத் தனியாகத் தேட வேண்டும். ‘மேற்படி’, ‘அன்னார்’ இரண்டையும் மறக்காமல் தேட வேண்டும். அவை கம்பீரமாக ஒலிப்பதால் துல்லியமானவை என்ற நினைப்பு இருக்கிறது, இரண்டு பேர் இருக்கும் பத்தியில் அவையும் வெறும் ‘அவர்’தான். எழுதாமல் விட்ட எழுவாயை மட்டும் எந்தத் தேடலும் பிடித்துத் தராது. அதற்கு நான் அச்செடுத்து, ‘வேண்டும்’, ‘லாம்’, ‘கூடாது’, ‘முடியாது’, ‘ஆல்’ என்று முடியும் ஒவ்வொரு வினையின் தலையிலும் பென்சிலால் ‘வி’ அல்லது ‘வா’ என்று எழுதிக்கொண்டு போவேன். ‘தெரிவிக்கப்பட வேண்டும்’ மாதிரியான செயப்பாட்டு வினைகளில் கொஞ்சம் கூடுதலாக நிற்பேன், ஏனென்றால் செய்பவரை மறைப்பதற்கென்றே ஆன வடிவம் அது. கை தயங்கும் வினைகளைச் சுற்றி வட்டம் போட்டு, அந்த வட்டங்களை மட்டும் கேள்விகளாக மாற்றி இரு தரப்புக்கும் அனுப்பிவிடுவேன். பதில் வரும்வரை அந்த இடத்தில் எந்தப் பெயரையும் நானாக எழுதுவதில்லை.